கேஷ்லெஸ் அனுமதிக்குப் பிறகும் 15,860 ரூபாய்: காரைக்குடி பில் ஒன்றின் ஆய்வு

புதுவயலில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவரின் மனைவிக்குப் பித்தப்பையில் கல். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று நாள் அறை வாடகையோடு மொத்த பில் 1,06,250 ரூபாய் வந்தது. காப்பீட்டு நிறுவனம் கேஷ்லெஸ் முறையில் 90,390 ரூபாய்க்கு இறுதி அனுமதி கொடுத்தது. மீதி 15,860 ரூபாயைக் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்றார்கள்.

குடும்பம் திகைத்துப்போனதற்குக் காரணம் இருந்தது. பாலிசி ஐந்து லட்சத்துக்கு. நான்கு ஆண்டுகளாக விடாமல் புதுப்பித்து வந்தது. பித்தப்பைக் கல்லுக்கான காத்திருப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. செலவில் இத்தனை சதவீதம் நோயாளியுடையது என்னும் கோ-பே நிபந்தனை அந்தப் பாலிசியில் கிடையாது. அறையும் பாலிசி அனுமதிக்கும் தனி அறைதான். கேஷ்லெஸ்ஸில் பணம் பிடிக்கப்படுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எவையும் இங்கே இல்லை. அதனால்தான் இந்த பில் ஆராயத் தகுந்தது. இங்கே பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் கையுறை, பஞ்சு, முகமூடி, ஃபைல் கட்டணம் போன்ற சில்லறை உருப்படிகளுக்கு உரியது.

மருத்துவக் காப்பீட்டு பில்களை வரிவரியாகச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மண்டிக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் காகிதங்களைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அழைத்தார். "தம்பி, அஞ்சு லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, ஒரு லட்சத்துக்குத்தான் பில் வந்திருக்கிறது. பிறகு எதற்கு நான் பதினாறாயிரம் கட்ட வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கிடைத்த பதில், "அதெல்லாம் நான்-பேயபிள் ஐயா" என்பதுதான். அந்தப் பதிலில் பாதிதான் சரி. 15,860 ரூபாயில் ஏறத்தாழ பாதி, நோயாளியிடம் கேட்கவே கூடாத பணம்.

முதல் அனுமதி எதற்கு உறுதி கொடுக்கிறது

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கு முன் அனுமதிப் படிவத்தை அனுப்பியது. அதில் நோயின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும், அறை வாடகை எவ்வளவு, அறுவை அரங்குக் கட்டணம் எவ்வளவு, மருத்துவர்களின் கட்டணம் எவ்வளவு, மருந்துகளுக்கும் உபயோகப் பொருள்களுக்கும் சேர்த்து உத்தேசமாக எவ்வளவு என்று தலைப்புவாரியாக எழுதப்படும். அதன்படி 90,000 ரூபாய் மதிப்பீடு போனது. 60,000 ரூபாய்க்கு முதல் அனுமதி வந்தது. வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்ததும் சென்னையில் இருக்கும் மகன், "அப்ரூவல் வந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்" என்று வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்.

அந்த நேரத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் உருப்படி பில் எதுவும் இல்லை. எத்தனை கையுறை, எந்த கிட், எந்த முகமூடி என்பது யாருக்கும் தெரியாது. அறுவை சிகிச்சையே நடக்கவில்லை. முதல் அனுமதி இரண்டே விஷயங்களைச் சொல்கிறது: இந்த நோய்க்கு இந்தப் பாலிசியில் இடம் உண்டு, இந்தத் தொகைவரை மருத்துவமனை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம். பில்லில் வரும் ஒவ்வொரு வரியும் ஏற்கப்படும் என்று அது சொல்லவில்லை. வரிகளைப் படிக்கும் வேலை டிஸ்சார்ஜ் அன்றுதான் நடக்கிறது. குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு காருக்குக் காத்திருக்கும் அதே நேரத்தில், வேறோர் ஊரில் ஒருவர் திரையில் நூற்றுக்கும் மேற்பட்ட மருந்தக வரிகளை, ஏற்கத்தகாத உருப்படிகளின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி, முதல் அனுமதிக்கான முடிவை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அன்று மருத்துவமனை பில்லை அனுப்பியது 12.40 மணிக்கு, இறுதிக் கடிதம் 2.20-க்கு வந்துவிட்டது. வேகத்தில் குறையில்லை.

நான்கு பட்டியல்கள்

ஒரு காலத்தில், ஏற்கத்தகாத உருப்படிகள் என்று 199 பெயர்கள் கொண்ட ஒரே நீளப் பட்டியல் இருந்தது. ஒழுங்குமுறை ஆணையம் பிறகு அதைத் திருத்தி நான்காகப் பிரித்தது. 2020-ல் வெளியான முதன்மைச் சுற்றறிக்கையில் அந்த நான்கும் இருந்தன. இன்றும் பெரும்பாலான பாலிசிப் புத்தகங்களின் பின்னிணைப்பில் அவை அச்சாகி வருகின்றன. மண்டிக்காரரின் பாலிசியிலும் கடைசிப் பக்கங்களில் இருந்தன. பாலிசியை வாங்கியவர்கள் அந்தப் பக்கங்கள்வரை போவதில்லை. என் பார்வையில், முழுப் புத்தகத்திலும் டிஸ்சார்ஜ் அன்று பயன்படும் பக்கங்கள் அவைதான்.

முதல் பட்டியலில் 68 உருப்படிகள். கையுறை, முகமூடி, ஆக்சிஜன் முகமூடி, நெபுலைசர் கிட், இ.சி.ஜி. எடுக்க ஒட்டும் எலெக்ட்ரோடுகள், தெர்மாமீட்டர், டயப்பர், வயிற்றுப் பட்டை, க்ரேப் பேண்டேஜ், உடன் இருப்பவரின் சாப்பாடு, மருத்துவ ஆவணங்களின் நகல் கட்டணம், உள்ளே என்ன இருக்கிறது என்று விவரம் தராத எந்த கிட்டும் இதில் அடக்கம். இவை காப்பீட்டின் வரம்புக்கு வெளியே இருப்பவை. இவற்றுக்கான பணம் நோயாளியுடையது.

இரண்டாம் பட்டியலில் 37 உருப்படிகள். கவுன், தொப்பி, காலுறை, அட்மிஷன் கிட், ஃபைல் திறப்புக் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டணம் போன்றவை. இவை அறை வாடகைக்குள் அடங்கியவை. மூன்றாம் பட்டியலில் 23. பஞ்சு, காஸ் துணி, அறுவைக் கத்தி, கேமரா உறை, ஹார்மோனிக் ஸ்கால்பெல் முதலியவை அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கியவை. நான்காவதில் 18, பதிவுக் கட்டணம், ஸ்பிரிட், சிறுநீர்ப் பை, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் போன்றவை சிகிச்சைச் செலவுக்குள் அடங்கியவை.

முதல் பட்டியலுக்கும் மற்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்த பில்லின் உயிர்நாடி இருக்கிறது. நம் ஊரில் கல்யாண மண்டபம் பிடிக்கும்போது, வாடகையிலேயே துப்புரவும் நாற்காலியும் சேர்த்தி என்று எழுதியிருந்தால், கடைசி நாளில் நாற்காலிக்குத் தனி ரசீது நீட்டினால் யாரும் கட்டமாட்டார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் பட்டியல்களில் உள்ளவை அந்த நாற்காலிகள். அறை வாடகையையும் அரங்குக் கட்டணத்தையும் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தபோதே அவற்றுக்கான பணமும் கொடுக்கப்பட்டாகிவிட்டது. தனி வரியாகப் போட்டதால் நிறுவனம் அதை அடிக்கிறது. அடிக்கப்பட்டது என்பதாலேயே அது நோயாளியின் கடனாகிவிடாது.

ஆனால் மருத்துவமனையின் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மொத்த பில்லில் இறுதி அனுமதியைக் கழித்து, மீதியை "நோயாளி செலுத்த வேண்டியது" என்று ஒரே எண்ணாகக் காட்டிவிடுகிறது. டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அந்த எண்ணைத்தான் படிக்கிறார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பிரித்துப் பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

பில்லைப் பிரித்தது

இறுதி அனுமதிக் கடிதத்தோடு பிடித்தங்களின் விவரம் ஒரு தனித் தாளாக வரும். உருப்படியின் பெயர், பில் தொகை, பிடித்த தொகை, காரணம் என்று நான்கு பத்திகள் இருக்கும். மருத்துவமனையின் இணையக் கணக்கில் அது இருக்கும். கேட்காமல் கையில் கொடுக்கமாட்டார்கள். மண்டிக்காரரிடம், "அண்ணே, பணத்தைக் கட்டுகிறேன் என்றே சொல்லுங்கள், கட்டமாட்டேன் என்று சொல்ல வேண்டாம். பிடித்த விவரத் தாளை மட்டும் முதலில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்" என்றேன். பத்து நிமிடத்தில் தந்துவிட்டார்கள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு காரணப் பத்தியை மட்டும் படித்தேன். "ஏற்கத்தகாதது" என்று குறித்தவை ஒரு பக்கம். "அறை வாடகையின் பகுதி", "அரங்குக் கட்டணத்தின் பகுதி", "சிகிச்சையின் பகுதி" என்று குறித்தவை மறுபக்கம். கூட்டிப் பார்த்தால் முதல் வகையில் 8,470 ரூபாய். இரண்டாம் வகையில் 7,390 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 15,860.

முதல் வகையில் பெரிய தொகை "சர்ஜரி கிட்" என்ற பெயரில் இருந்த 3,200 ரூபாய். அடுத்தது கையுறைக்கு 1,480. வயிற்றுப் பட்டைக்கு 850. உடன் இருந்தவர்களின் சாப்பாட்டுக்கு 640. மற்றவை முந்நூறு, நானூறு என்று சிறியவை. இரண்டாம் வகையில் பெரியது ஹார்மோனிக் ஸ்கால்பெல்லுக்கு 2,500. பித்தப்பையை ஒட்டிய திசுவை வெட்டும்போதே ரத்தக் குழாயையும் மூடிவிடும் கருவி அது. மற்றவை அட்மிஷன் கிட், பல்ஸ் ஆக்சிமீட்டர், பஞ்சு வகைகள், கவுன், ஃபைல் கட்டணம் ஆகியவை.

கிட்டுக்குள் என்ன இருந்தது

கிட் என்ற ஒற்றைச் சொல் நோயாளிகளுக்கு எவ்வளவு பணத்தை இழக்க வைக்கிறது என்பதை வேலையில் இருந்தபோதே பார்த்து வருந்தியிருக்கிறேன். அறுவை அரங்கில் தேவைப்படும் பொருள்களை மருந்தகம் ஒரே பையில் கட்டி, ஒரே பெயரில், ஒரே விலையில் பில் போடுகிறது. வேலை எளிது. ஆனால் பட்டியலின் விதி தெளிவாக இருக்கிறது: விவரம் இல்லாத கிட்டுக்குப் பணம் இல்லை. பில்லைப் படிப்பவருக்கு உள்ளே தையல் நூல் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று தெரிய வழியில்லை. எனவே அவர் முழுவதையும் அடித்துவிடுகிறார். அடித்ததில் அவர்மீது தவறில்லை. அதே வேலையில் நானும் அடித்திருப்பேன்.

இதற்கு மாற்று மருந்து ஒரே ஒரு தாள்தான். மருந்தகத்தில் அந்த கிட்டின் உள்விவரத்தைக் கேட்டு, முத்திரையோடு வாங்கி, இன்ஷூரன்ஸ் டெஸ்க் வழியாகவே நிறுவனத்துக்கு மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொன்னோம். உள்விவரத்தில் தையல் நூல், பித்தநாளத்தையும் ரத்தக் குழாயையும் மூடும் கிளிப்புகள், உறிஞ்சு குழாய் ஆகியவற்றுக்கு 2,300 ரூபாய். கையுறையும் முகமூடியும் சேர்ந்து 900. தையல் நூலும் கிளிப்பும் அறுவை சிகிச்சைக்கான மருத்துவப் பொருள்கள். பட்டியலில் அவற்றின் பெயர் இல்லை. 2.50-க்கு அனுப்பினார்கள். 4.30 மணியளவில் திருத்திய அனுமதி வந்தது: 92,690 ரூபாய். 2,300 ரூபாய் மீண்டது.

காத்திருக்க வேண்டியிருந்ததையும் சொல்ல வேண்டும். வயிற்றில் தையலோடு அந்த அம்மா கூடுதலாக இரண்டு மணி நேரம் அறையிலேயே இருந்தார். உடம்பு தாங்காதவர்களைப் பிடித்துவைத்து இந்த வேலையைச் செய்யச் சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு, உள்விவரத்தை வாங்கிக்கொண்டு போய், பிறகு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு, நாள்கள்தான் கூடும்.

7,390 ரூபாயைப் பற்றிய பேச்சு

நோயாளிகள் கேட்கத் தயங்குவதும் மருத்துவமனைகள் பேச விரும்பாததும் இந்தப் பகுதியைத்தான்.

இறுதி அனுமதிக் கடிதத்தின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். அவற்றில் ஒன்று, ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் காப்பீடு பெற்றவரிடம் மருத்துவமனை எதையும் வசூலிக்கக் கூடாது, ஏற்கத்தகாத செலவுகளைத் தவிர, என்ற பொருளில் இருக்கும். முன்பணத்திலிருந்தும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தொடரும். காப்பீட்டு நிறுவனத்தோடு கட்டணம் பேசி வைத்த மருத்துவமனைகளின் நெட்வொர்க்கில் சேரும்போது, மருத்துவமனை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நிழல்தான் இந்த வரி. அறை வாடகை இவ்வளவு, அரங்குக் கட்டணம் இவ்வளவு என்று அந்த ஒப்பந்தத்தில் மருத்துவமனை ஏற்றுக்கொண்டுவிட்டது. அறை வாடகைக்குள் அடங்கியதைத் தனியே வசூலித்தால், ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் வாங்குவதாகத்தான் ஆகும்.

மண்டிக்காரர் அந்தக் கடிதத்தையும் விவரத் தாளையும் எடுத்துக்கொண்டு பில்லிங் மேலாளரிடம் போனார். குரலை உயர்த்தவில்லை. "அறை வாடகையின் பகுதி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அறை வாடகை உங்களுக்கு வந்துவிட்டது. பிறகு இது என்ன?" என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டார். மேலாளர் முதலில், "எல்லாரும் கட்டுகிறார்கள், ஐயா" என்றார். பிறகு விவரத் தாளை வாங்கிப் பார்த்தார். பதிவுக் கட்டணம், ஃபைல், பெயர்ப்பட்டை, ஆக்சிமீட்டர், அட்மிஷன் கிட், கவுன், பஞ்சு, கத்தி, கேமரா உறை, ஸ்பிரிட், சிறுநீர்ப் பை, ஸ்ட்ரிப் ஆகிய அனைத்தையும் தள்ளுபடியில் போட்டார். அது 4,890 ரூபாய்.

ஹார்மோனிக் ஸ்கால்பெல்லில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. அந்தக் கருவியின் விலை அதிகம், முனையை அடிக்கடி மாற்ற வேண்டும், அரங்குக் கட்டணத்தில் அது சேரவில்லை என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. கருவியின் தேய்மானத்தை எங்கேயாவது எடுத்தாகத்தான் வேண்டும். சிறிய ஊர்களில் நடக்கும் மருத்துவமனைகளோடு நிறுவனங்கள் பேசி வைக்கும் அரங்குக் கட்டணம் குறைவு என்ற குறையும் நியாயமானது. ஆனால் அந்தக் குறை மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது. அடுத்த ஒப்பந்தத்தின்போது பேசித் தீர்க்க வேண்டியதை, மயக்க மருந்திலிருந்து எழுந்த நோயாளியின் குடும்பத்தின் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

அன்று அதைப் பற்றி மேலும் வாதாட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஹார்மோனிக் ஸ்கால்பெல்லுக்கான 2,500 ரூபாயைத் தனி ரசீதாக வாங்கிக்கொண்டு கட்டச் சொன்னேன். தனி ரசீது என்பது முக்கியம்; "இதர கட்டணம்" என்று ஒரே தொகையாக ரசீது வாங்கினால், பிறகு எதைத் திருப்பிக் கேட்பது என்று காட்ட முடியாது. அட்மிஷன் அன்று கட்டியிருந்த 10,000 ரூபாய் முன்பணத்தில் 8,670 ரூபாயை எடுத்துக்கொண்டு 1,330 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிறகு மகன் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். "இந்த 2,500 ரூபாயை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் பட்டியலைக் காட்டி மறுத்திருப்பார்கள். அவர் கேட்டது வேறு: இந்த உருப்படி எந்தப் பட்டியலின் கீழ் பிடிக்கப்பட்டது, நெட்வொர்க் மருத்துவமனை இதை என்னிடம் வசூலிக்கலாமா, எழுத்தில் சொல்லுங்கள். மூன்றாம் பட்டியலின்படி அது அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் அடங்கியது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் ரசீதையும் மேலாளரிடம் காட்டியபோது 2,500 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. பதில் வரவில்லை என்றாலோ மறுத்திருந்தாலோ, ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். நிறுவனம் மறுத்த பிறகோ ஒரு மாதம் மௌனமாக இருந்த பிறகோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் குறைதீர்ப்பாளர் விசாரிப்பது காப்பீட்டு நிறுவனத்தை; மருத்துவமனைமீது மட்டும் குறை என்றால் அவர் கையில் அதிகாரம் இல்லை. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதிலை முதலில் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மீதம் நின்ற 6,170

முதல் பட்டியலில் கிட்டுக்கு மீண்டது போக 6,170 ரூபாய் குடும்பத்தின் செலவாகவே நின்றது. இதை யாரும் கேட்டு மீட்டிருக்க முடியாது. ஆனால் சேர்க்கும்போதே தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

கையுறையை எடுத்துக்கொள்வோம். 1,480 ரூபாயில், அரங்கில் பயன்படுத்திய ஆறு ஜோடி 780 ரூபாய். மீதி 700 ரூபாய், வார்டில் பயன்படுத்துவதற்கென்று வாங்கிய நூறு கையுறைகள் கொண்ட ஒரு முழுப் பெட்டி. மூன்று நாளில் அதில் பாதிகூடத் தீரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று அறை அலமாரியில், பிரித்த வாயோடு அந்தப் பெட்டி இருந்ததை அந்த அம்மாவின் தங்கை பார்த்திருக்கிறார். பிரித்ததை மருந்தகம் திரும்ப எடுக்காது. பிரிக்காத பெட்டி, பயன்படுத்தாத ஊசிக்குழல், மிஞ்சிய மருந்து ஆகியவற்றை பில் முடிவதற்கு முன் செவிலியர் மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பலாம்; பில் நிறுவனத்துக்குப் போன பிறகு அதைச் செய்வது கடினம். எனவே டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் சொன்ன உடனே, பில் போடச் சொல்வதற்கு முன், அலமாரியைப் பார்த்து, "சிஸ்டர், மிச்சம் இருப்பதைத் திருப்பிப் போட்டுவிடுங்கள்" என்று கேட்பதற்குத்தான் நேரம் இருக்கிறது.

வயிற்றுப் பட்டை, தெர்மாமீட்டர் போன்றவை எப்படியும் நம் பணம்தான் என்று தெரிந்தால், மருத்துவர் அளவைச் சொன்னதும் வெளிக்கடையில் விலை கேட்டு வாங்கலாம். வீட்டில் இருக்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாலே 180 ரூபாய் மிச்சம். அரங்குக்குள் பயன்படும் எதையும் இப்படி வெளியே வாங்கித் தர முயலக் கூடாது. கிருமி நீக்கப் பொறுப்பு மருத்துவமனையுடையது. சாப்பாட்டுக்கான 640 ரூபாயைக் குறித்து மண்டிக்காரருக்கே எந்தக் குறையும் இல்லை.

இந்த வழி செல்லாத இடங்கள்

மேலே சொன்ன கணக்கு முழுவதும் இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. மருத்துவமனை அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருந்தது. பில் உருப்படி பில்லாக இருந்தது.

நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் முன்கூட்டிச் சொன்னால் கேஷ்லெஸ் பெறும் ஏற்பாட்டைப் பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் தொடங்கியது. ஊரில் நெட்வொர்க் மருத்துவமனை குறைவாக உள்ள தேவகோட்டை, பள்ளத்தூர்க் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கே மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும் கட்டண ஒப்பந்தம் நெட்வொர்க்கில் உள்ளதுபோல் இருக்காது. அடங்கிய உருப்படிகளையும் தனியே வசூலித்தால், ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கும் பிடி நம்மிடம் இல்லை. சேர்வதற்கு முன்பே கேட்டு, எழுதி வாங்குவது ஒன்றுதான் வழி.

பேக்கேஜ் ஒப்பந்தம் என்றால் நிலைமை நேர்மாறு. பித்தப்பை அறுவைக்கு மொத்தமாக இவ்வளவு என்று நிறுவனமும் மருத்துவமனையும் பேசி வைத்திருந்தால், கையுறைக்கும் பஞ்சுக்கும் தனி வரியே வரக் கூடாது. ஒப்பந்தத்தில் வெளியே நிறுத்தியவற்றை மட்டுமே கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பேக்கேஜ் அடிப்படையிலானது. அதில் சிகிச்சை பெறுபவரிடம் கையுறைக்கென்று பணம் கேட்டால், அது திட்டத்துக்கே புறம்பானது. திட்டத்தின் உதவி எண்ணில் உடனே சொல்ல வேண்டும்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது மண்டிக்காரர் உபயோகப் பொருள்களுக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்கலாமா என்று கேட்டார். முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கும் பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. பல நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்குத் தருகின்றன. மூல சிகிச்சை ஏற்கப்பட்டால்தான் அது செல்லும். விவரமில்லாத கிட்டுக்கு அதிலும் கேள்வி வரலாம். உடன் இருப்பவரின் சாப்பாடு, தொலைக்காட்சி போன்றவற்றைச் சில நிறுவனங்கள் அதிலிருந்தும் விலக்கிவிடுகின்றன. எனவே அந்தக் கூடுதல் பாதுகாப்பின் ஷரத்தில் "முதல் பட்டியல் முழுவதும்" என்று இருக்கிறதா, சில உருப்படிகள் மட்டுமா என்று பார்த்துச் சொல்லும்படி முகவரிடம் கேட்கச் சொன்னேன். ஒரு வாரம் தங்கும் மருத்துவச் சிகிச்சையிலும், தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கையுறைக்கும் முகமூடிக்கும் ஆகும் செலவு இந்த பில்லில் உள்ளதைவிடப் பல மடங்கு ஏறும். அறுபதை நெருங்கும் இருவருக்கு அந்த வாய்ப்பும் உண்டு. முகவர் ஷரத்தை அனுப்பினார். அதில் 68 உருப்படிகளும் அப்படியே இருந்தன. மண்டிக்காரர் சேர்த்துக்கொண்டார்.